ஜிமெயிலில் அடக்கமாக இருக்கும் லோகோ, வாடிக்கையாளரின் அவுட்லுக்கில் திரை முழுக்க விரிகிறது: கையொப்பத்தை எப்படிச் சரிசெய்வது?

செல்வி (கோவை)

பம்பு உதிரிபாகங்கள் செய்யும் ஒரு சிறிய பட்டறையில் அலுவலக வேலை பார்க்கிறேன். எங்கள் எல்லோருக்கும் ஜிமெயில்தான். லோகோ வரைந்து தந்த தம்பியே மின்னஞ்சல் கையொப்பத்துக்கும் எச்.டி.எம்.எல். கோடு எழுதித் தந்தார். அதைப் பிரவுசரில் திறந்து, முழுவதையும் நகலெடுத்து, ஜிமெயிலின் கையொப்பப் பெட்டியில் ஒட்டினேன். இங்கே பார்க்க லட்சணமாக இருந்தது.

மறுநாள் ஒரு வாடிக்கையாளர் திரையைப் படமெடுத்து அனுப்பினார். அவருடைய அவுட்லுக்கில் எங்கள் லோகோ பெயர்ப்பலகை அளவுக்கு நிற்கிறது. தொலைபேசி எண்ணைப் பார்க்க வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். போதாக்குறைக்கு, தமிழில் எழுதிய பெயர் வரியின் மேல் கொம்புகள் வெட்டுப்பட்டிருக்கின்றன.

தம்பியிடம் சொன்னேன். "படத்தைக் கோடுக்குள்ளேயே வைத்துவிட்டேன், இனிப் பிரச்சினை வராது" என்று வேறொன்று அனுப்பினார். கையொப்பம் மிக நீளம் என்று சொல்லி ஜிமெயில் அதைச் சேமிக்கவே மறுத்தது. பிறகு நானே லோகோவைக் கூகுள் டிரைவில் ஏற்றி, அங்கிருந்து சேர்த்தேன். எனக்குத் தெரிகிறது, வாடிக்கையாளர்களுக்கு வெறும் கட்டம்தான் போகிறதாம். இப்போதைக்கு லோகோவை எடுத்துவிட்டேன். எங்கே தவறு?

தினேஷ்

இதற்கு ஏன் இவ்வளவு பாடு? பெயர், எண், முகவரி, லோகோ எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாக வடிவமைத்து ஒட்டிவிடுங்கள். எழுத்துருவும் மாறாது, தமிழும் வெட்டுப்படாது. நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம், யாரும் குறை சொன்னதில்லை.

அன்வர்

செல்வி அவர்களே, உங்களுக்கு நடந்தவை மூன்றும் மூன்று வேறு கோளாறுகள்.

பெரிதாகத் தெரிவது முதலில். விண்டோஸில் நிறுவிப் பயன்படுத்தும் பழைய அவுட்லுக், 2007 பதிப்பிலிருந்து மின்னஞ்சலைக் காட்ட வேர்டின் இயந்திரத்தைத்தான் பயன்படுத்துகிறது. அது பிரவுசர் இல்லை. உங்கள் கோடில் லோகோவின் அளவு `max-width:120px` என்று இருக்கும் என்று நினைக்கிறேன். ஜிமெயிலுக்கு அது புரியும், வேர்டுக்குப் புரியாது. புரியாததை அது கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டுப் படத்தின் சொந்த அளவையே எடுத்துக்கொள்ளும். கோப்பு 1200 பிக்சல் அகலம் என்றால் 1200 பிக்சலுக்கும் விரிப்பதுதான் நீங்கள் பார்த்தது. `img` வரியிலேயே `width="120" height="48"` என்று எழுதினால் இரண்டும் கீழ்ப்படியும்.

இரண்டாவது, கோடுக்குள் வைத்த படம். ஜிமெயில் கையொப்பத்தின் எல்லை 10,000 எழுத்துகள். கண்ணில் படும் எழுத்துகள் மட்டும் இல்லை, பின்னால் இருக்கும் கோடும் கணக்கில் சேரும். படத்தை எழுத்தாக மாற்றினால் மூன்றில் ஒரு பங்கு கூடும், 30 கே.பி. படம் ஏறக்குறைய 40,000 எழுத்துகள் ஆகிவிடும். இன்னும் சிறியதாக்கி எல்லைக்குள் கொண்டுவந்தாலும் பயனில்லை, அப்படி வரும் படத்தைப் பெறுபவருக்கு ஜிமெயில் காட்டுவதில்லை. அந்தத் தம்பி வலைப்பக்கம் செய்து பழகியவர் போலிருக்கிறது, அங்கே இது செல்லும்.

மூன்றாவது, டிரைவ். அந்தக் கோப்பு உங்கள் கணக்குக்கு மட்டும் திறந்திருக்கிறது. நீங்கள் உள்நுழைந்திருப்பதால் உங்களுக்குத் தெரிகிறது. இதைக் கண்டுபிடிக்க வாடிக்கையாளரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். படத்தின் முகவரியை மறைநிலைச் சாளரத்தில் ஒட்டிப் பாருங்கள். உள்நுழையச் சொன்னால் காரணம் அதுதான். டிரைவில் பொதுப் பார்வைக்குத் திறந்துவிடலாம். ஆனால் உங்களுக்கு இணையதளம் இருந்தால் அதிலேயே ஏற்றி வைப்பதைத்தான் நான் விரும்புவேன். யாராவது டிரைவைச் சுத்தம் செய்கிறேன் என்று அந்தக் கோப்பை அழித்தால், ஏற்கெனவே அனுப்பிய கடிதங்களிலும் லோகோ போய்விடும்.

தினேஷ் சொல்வதில் பாதி சரி. படத்தில் எழுத்துரு மாறாது. ஆனால் வெளியிலிருந்து வரும் படங்களை அவுட்லுக் முதலில் மறைத்துத்தான் வைக்கும், பெறுபவர் அனுமதித்தால்தான் தெரியும். அதுவரை உங்கள் பெயரும் எண்ணும் எதுவுமே அங்கே இருக்காது. கைப்பேசியில் எண்ணைத் தொட்டு அழைக்கவும் முடியாது.

மங்களம்

எங்கள் அலுவலகத்திலும் இதே தலைவலி. ஒவ்வொரு கடிதத்திலும் இணைப்புக்கான ஊக்குக் குறி விழுகிறது. இன்வாய்ஸ் என்று நம்பித் திறந்தால் image001.png என்று யாருடைய லோகோவோ இருக்கிறது. ஆறேழு முறை பதில் போய் வந்த கடிதத்தில் அதுவே வரிசையாக நிற்கும். கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்குத்தான் இந்த வேதனை தெரியும். லோகோவே வேண்டாம் என்பேன்.

அன்வர்

மங்களம் அம்மா, அது செல்வி கேட்டதற்கு நேர்மாறான வழியின் விளைவு. அவுட்லுக்கின் கையொப்பப் பெட்டியில் படத்தைச் சேர்த்தால் அது கடிதத்துக்குள்ளேயே பொதிந்து போகும். அதனால் மறைக்கப்படாமல் உடனே தெரியும், ஆனால் சில செயலிகள் அதை இணைப்பாக எண்ணும். இணையத்திலிருந்து வரும் படம் இணைப்பாக எண்ணப்படாது, ஆனால் மறைக்கப்படலாம். இரண்டில் ஒன்றைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். விலைப்பட்டியலும் இன்வாய்ஸும் அனுப்பும் இடத்தில் நான் இரண்டாவதையே பொறுத்துக்கொள்வேன்.

இராசநாயகம் (யாழ்ப்பாணம்)

முற்காலத்தில் கையொப்பம் நான்கு வரிக்கு மேல் போகக்கூடாது என்பது மரபு. அதற்கு மேலே இரண்டு சிறு கோடும் ஓர் இடைவெளியும் இருக்கும். அதைக் கண்டால் தண்டர்பேர்ட் போன்ற செயலிகள் பதில் எழுதும்போது கையொப்பத்தைத் தாமே நீக்கிவிடும். பிள்ளை, உங்கள் கையொப்பத்தில் எத்தனை வரிகள்?

செல்வி (கோவை)

ஐயா, முதலாளி கேட்டபடி எழுதினால் பதினொன்று: இரண்டு முகவரி, மூன்று எண், ஜி.எஸ்.டி. எண், கண்காட்சி பேனர், கடைசியில் "இம்மடல் உமக்கானதல்ல எனில்" என்று தொடங்கும் ஒரு பத்தி. உங்கள் கேள்வியை அப்படியே அவரிடம் காட்டினேன். ஜி.எஸ்.டி. எண் இன்வாய்ஸில்தான் இருக்கிறதே என்று எடுத்துவிடச் சொன்னார். அந்தப் பத்தியும் போயிற்று. பேனரை மட்டும் விட மாட்டேன் என்கிறார்.

அன்வர் அண்ணா, நீங்கள் சொன்னது போலவே `max-width` இருக்கிறது. தமிழ் வரி வெட்டுப்படுவது எதனால்? அந்த வரியில் இப்படி இருக்கிறது:

```
font-size:13px;line-height:13px;mso-line-height-rule:exactly
```

அன்வர்

கடைசியில் இருக்கும் அந்த `exactly`தான். வரியின் உயரம் 13 பிக்சல், ஒரு நூல்கூடத் தாண்டாதே என்று அவுட்லுக்குக்கு இடும் கட்டளை அது. ஆங்கில எழுத்து அதற்குள் அடங்கிவிடும். தமிழில் "கி", "கீ"யின் சுழி மேலே போகும், "ஸ்ரீ"யின் வால் கீழே இறங்கும். தாண்டியதை வேர்டு நறுக்கிவிடும். அந்தக் கட்டளையை நீக்கிவிட்டு உயரத்தை 20 ஆக்குங்கள். எழுத்துருவுக்கு நிர்மலாவை முதலில் எழுதுங்கள், விண்டோஸில் அது கூடவே வருவது. ஆப்பிளும் ஆண்ட்ராய்டும் தங்களிடம் இருக்கும் தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும்.

லோகோவை 240 × 96 பிக்சலில் பி.என்.ஜி. கோப்பாக வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் பாதி அளவில் காட்டினால் கைப்பேசியின் நெருக்கமான திரையிலும் மங்காது. எஸ்.வி.ஜி. தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், ஜிமெயிலிலும் தெரியாது, பழைய அவுட்லுக்கிலும் தெரியாது. எலும்புக்கூடு இவ்வளவு போதும்:

```html
<table cellpadding="0" cellspacing="0" border="0"><tr>
<td valign="top" style="padding-right:15px">
<img src="https://example.com/logo-240.png" width="120"
 height="48" alt="நிறுவனத்தின் பெயர்" border="0"></td>
<td style="font-family:'Nirmala UI',Arial,sans-serif;
 font-size:13px;line-height:20px;color:#333333">
பெயர், பொறுப்பு<br>
<a href="tel:+914220000000"
 style="color:#333333;text-decoration:none">0422 000 0000</a>
</td></tr></table>
```

அட்டவணை பழைய முறைதான். ஆனால் வேர்டு ஒழுங்காக மதிப்பது அதைத்தான். இடைவெளியையும் `td`க்குக் கொடுங்கள், `div`க்குக் கொடுத்தால் அவுட்லுக் சில சமயம் விழுங்கிவிடும். எண்ணை `tel:` இணைப்பாக்கி நிறமும் சொல்லியிருப்பதற்குக் காரணம், இல்லையென்றால் ஐபோன் தானாக அதைக் கண்டுபிடித்து நீலமாக்கிக் கோடு போட்டுவிடும். `alt`இல் நிறுவனப் பெயரை எழுத மறக்காதீர்கள், படம் மறைக்கப்பட்ட நேரத்தில் அந்த இடத்தில் தெரியப்போவது அதுதான்.

பேனரைப் பற்றி: நான் வைக்க மாட்டேன். முதலாளி விடவில்லையென்றால் அட்டவணைக்குக் கீழே தனியாக வையுங்கள், கண்காட்சி முடிந்த அன்றே எடுத்துவிடுங்கள்.

செல்வி (கோவை)

செய்துவிட்டேன். லோகோ கோப்பு 9 கே.பி.க்கு வந்துவிட்டது, எங்கள் இணையதளத்திலேயே ஏற்றியாயிற்று. மறைநிலைச் சாளரத்திலும் திறக்கிறது. படம் அனுப்பிய வாடிக்கையாளர் இப்போது சரியாக இருக்கிறது என்கிறார், தமிழ் வரியும் முழுதாகத் தெரிகிறதாம்.

இரண்டு குறைகள் மிச்சம். முதலாளி கைப்பேசியின் ஜிமெயில் செயலியிலிருந்து அனுப்பும்போது லோகோ வருவதில்லை. இன்னொரு வாடிக்கையாளரின் மடிக்கணினியில், அவுட்லுக்தான், லோகோ மற்றவர்களுக்குத் தெரிவதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கிறது. அவர் விண்டோஸில் எழுத்தளவை 150 சதவீதத்தில் வைத்திருக்கிறாராம்.

தினேஷ்

முதலாளிக்கு வேண்டுமானால் என் முறைப்படி ஒரே படம்?

அன்வர்

அதுவும் நுழையாது, தினேஷ். ஜிமெயில் செயலியில் இருக்கும் கைப்பேசிக் கையொப்பப் பெட்டி வெறும் எழுத்தை மட்டும்தான் ஏற்கும். பெயர், நிறுவனம், எண் என்று மூன்று வரி தட்டச்சு செய்து கொடுங்கள்.

150 சதவீத விஷயத்துக்கு என்னிடம் முழுத் தீர்வு இல்லை. விண்டோஸின் அளவை வேர்டு இயந்திரம் எல்லாவற்றுக்கும் ஒரே சீராகப் பெருக்குவதில்லை. செய்திமடல் அனுப்புகிறவர்கள் கோடின் தலைப்பகுதியில் ஒரு குறிப்பு எழுதிச் சமாளிக்கிறார்கள். ஆனால் கையொப்பமாக ஒட்டும்போது அந்தத் தலைப்பகுதியே தங்குவதில்லை. யாராவது வழி கண்டிருந்தால் எழுதுங்கள்.

மங்களம்

செல்வி, என் கைப்பேசியில் கருந்திரை வைத்திருக்கிறேன். எங்கள் லோகோவின் கருநீல எழுத்து அதில் காணாமலே போய்விடுகிறது. உங்களுடையதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

செல்வி (கோவை)

பார்த்தேன், அக்கா. எங்களுடையதும் கருநீலம்தான், பின்னணி இல்லாத படம். பம்பின் சிவப்புச் சக்கரம் மட்டும் தெரிகிறது, பெயர் தெரியவில்லை.

அன்வர்

எழுத்தைச் சுற்றி இரண்டு பிக்சலுக்கு வெள்ளை விளிம்பு வைத்துத் தரச் சொல்லுங்கள். வெள்ளைத் திரையில் அது கண்ணில் படாது, கருந்திரையில் எழுத்தைக் காப்பாற்றும். முழு வெள்ளைப் பின்னணியும் வைக்கலாம், ஆனால் இருட்டில் அது ஒட்டுப்போட்ட கட்டமாகத் துருத்தும். புதிய படத்தைப் பழைய பெயரிலேயே ஏற்றாமல் வேறு பெயர் கொடுங்கள். ஜிமெயில் படங்களைத் தன் வழியாக எடுத்துச் சேமித்து வைத்துத்தான் காட்டுகிறது, அதே பெயர் என்றால் பழையதையே கொஞ்ச காலம் காட்டிக்கொண்டிருக்கலாம். பழைய கோப்பையும் அழித்துவிடாதீர்கள்.