ஹைப்பர்ஆஸ்மோலார் நிலைக்குத் தமிழ்: திங்கட்கிழமைக்குள் வேண்டும்

செல்வி:
எல்லாருக்கும் வணக்கம். சர்க்கரை நோயுள்ள முதியவர்களின் வீட்டாருக்காக ஒரு பக்கத் துண்டறிக்கை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன், திங்களன்று அச்சுக்குப் போகிறது. தலைப்பு மட்டும் முடியவில்லை. ஹைப்பர்ஆஸ்மோலார் ஹைப்பர்கிளைசீமிக் ஸ்டேட். டைப் 2 உள்ள பெரியவர்களுக்குச் சில நாட்களில், சில சமயம் ஓரிரு வாரங்களில் மெல்ல முற்றுவது. சர்க்கரை 600-ஐத் தாண்டிவிடும், உடம்பில் தண்ணீர் வற்றிவிடும், அப்புறம் புத்தி தடுமாறும். பாடநூல் வழியில் போனால் 'மிகைச் சவ்வூடுபரவல் மிகைச் சர்க்கரை நிலை' என்று வருகிறது. அதைப் படித்துவிட்டு எந்த மருமகள் மாமனாரைப் பார்த்து இது அதுதான் என்று சொல்வாள்? 'சர்க்கரை மயக்கம்' என்று போட்டுவிடலாமா?

சிவகுமார்:
யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்குச் 'சவ்வூடுபரவல்' பழக்கமில்லை அக்கா. நாங்கள் படித்ததும் படிப்பிப்பதும் 'பிரசாரணம்'. 'அதிபிரசாரண நிலை' என்றால் இரண்டே சொல்லில் முடியும், உயிரியல் படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் விளங்கப்படுத்தும்.

இராமலிங்கம்:
பிரசாரணம் வடசொல், அதோடு இங்கே அந்தச் சொல்லைக் கேட்டால் தேர்தல் பிரசாரம்தான் நினைவுக்கு வரும். நம் முன்னோர் வைத்த பெயரிலேயே விடை இருக்கிறது. நீரிழிவில் உள்ள 'இழிவு' தாழ்வு என்ற பொருளில் வந்ததன்று. இழிதல் என்றால் இறங்குதல். மலையிலிருந்து அருவி இழிகிறது, தேரிலிருந்து அரசன் இழிகிறான். நீர் கீழே இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும் நோய் என்பதால் நீரிழிவு. அதன் உச்சம்தானே இது? 'கடுநீரிழிவு' என்க. இல்லையென்றால் சர்க்கரையால் குருதி கெட்டிப்பட்டுப் பாகாவதால் 'குருதிப் பாகுநிலை'.

மீரா:
ஐயா சொன்ன இழிதல் விளக்கம் நோய்க்கு அப்படியே பொருந்துகிறது. இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180 வரை சிறுநீரகம் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் சர்க்கரை சிறுநீரில் இறங்கும், தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். ஆனால் 'கடுநீரிழிவு' என்றால் 'எனக்கு ரொம்ப நாளாகவே கடுமையான சர்க்கரைதான்' என்று படித்துவிட்டுப் போய்விடுவார்கள். பாகுநிலை இயற்பியலில் வேறொன்றுக்கு ஏற்கெனவே போய்விட்டது. ஆஸ்மோலார் என்பதற்குக் கெட்டித்தன்மையும் அளவுகோல் இல்லை, ஒரு கிலோ நீரில் எத்தனை துகள்கள் கரைந்திருக்கின்றன என்பதுதான்.

செல்வி, 'மயக்கம்' மட்டும் வேண்டவே வேண்டாம். ஆங்கிலத்திலேயே முன்பு கோமா என்றுதான் பெயர், பெரும்பாலோர் முழு மயக்கத்துக்குப் போகாமலேயே இந்த நிலையில் இருப்பதால்தான் ஸ்டேட் என்று மாற்றினார்கள். அதைவிட, நம் ஊரில் சர்க்கரைக்காரர் மயங்கினார் என்றாலே லோ சுகர்தான். உடனே வாயில் சர்க்கரையைப் போடுவார்கள்.

பாஸ்கர்:
மீரா மேடம் சொல்வது எங்கள் வீட்டில் நடந்தது. அப்பாவுக்கு 74 வயது, 60 கிலோ. பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை போடுபவர். சளி, இழுப்புக்காக ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தார்கள். பசி இல்லாததால் 'சாப்பாடே இல்லை, எதுக்குச் சுகர் மாத்திரை' என்று அதை அவரே நிறுத்திவிட்டார். ஒரு வாரம் ராத்திரி நாலைந்து தடவை எழுந்து பாத்ரூம் போனார். சோர்வாக இருக்கிறாரே என்று குளுக்கோஸ் பவுடர் கரைத்துக் கொடுத்தோம். எட்டாம் நாள் பாத்ரூம் போவது குறைந்தது, சரியாகிவிட்டது என்று நினைத்தோம். மறுநாள் காலையில் என்னை என் சித்தப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நாக்கு மரக்கட்டை மாதிரி காய்ந்து கிடந்தது. மெஷினில் எண்ணே வரவில்லை, HI என்று வந்தது. பேட்டரி போய்விட்டது என்று என் பையன் பேட்டரி மாற்றினான், மறுபடியும் HI. மருத்துவமனையில் சர்க்கரை 912, சோடியம் 142. இதைத்தானே கீட்டோன் ஏறிவிட்டது என்பார்கள்? கீட்டோன் விஷம் என்று போட்டால் எல்லாருக்கும் புரியுமே.

மீரா:
பாஸ்கர், அது வேறு. கீட்டோன் கூடினால் வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு என்று ஒரு நாளிலேயே ஆளைப் படுக்க வைத்துவிடும். உங்கள் அப்பாவுக்குக் கணையம் கொஞ்சம் இன்சுலின் சுரந்துகொண்டிருந்தது. கொழுப்பு கரைந்து கீட்டோன் ஆகாமல் தடுக்க அது போதும், சர்க்கரையை இறக்கப் போதாது. சத்தம் போடும் அறிகுறி எதுவும் இல்லாததால்தான் ஒன்பது நாள் ஓடியது. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே வருவதுண்டு, அதனால் ஆஸ்பத்திரியில் கீட்டோனையும் பார்ப்பார்கள்.

சிறுநீர் குறைந்தது நோய் தணிந்ததால் இல்லை, வெளியேறத் தண்ணீர் மிச்சமில்லாததால். HI என்பது பெரும்பாலான மெஷின்களில் 600-க்கு மேல் என்று பொருள், பழுது இல்லை. நீங்கள் கொடுத்த சோடியத்தையும் சர்க்கரையையும் போட்டு, ஒரு கிலோ நீரில் கரைந்துள்ள துகள்களின் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால்:

```
2 × 142 + 912 ÷ 18 ≈ 335
```

300-ஐத் தாண்டினாலே இந்த நிலை என்கிறோம். சோடியம் 142 அறிக்கையில் சரியான அளவாகத் தெரியும், அதிலும் ஏமாறக்கூடாது. சர்க்கரை செல்களிலிருந்து தண்ணீரை இரத்தத்துக்குள் இழுத்து அதை நீர்க்க வைத்திருக்கிறது. 60 கிலோ உடம்பில் குறைந்தது ஆறு லிட்டராவது போயிருக்கும். அதனால்தான் இன்சுலினுக்கு முன்னால் சலைன் ஏற்றியிருப்பார்கள், அதையும் ஒரேயடியாக அல்ல, இந்த அளவை வேகமாக இறக்கினால் மூளை வீங்கலாம்.

இராமலிங்கம்:
அப்படியென்றால் நீரிழப்புதான் இதன் உயிர்நிலை. நல்ல பழஞ்சொல் ஒன்று உண்டு: விடாய். 'கடுவிடாய் நிலை' என்றால் கேட்டவுடன் நெஞ்சில் தைக்கும்.

செல்வி:
சொல் அழகாக இருக்கிறது ஐயா, ஆனால் வயதாக ஆகத் தாக உணர்வே மங்கிவிடும். பாஸ்கரின் அப்பா தண்ணீர் கேட்டாரா?

பாஸ்கர்:
முதல் மூன்று நாள் கேட்டார். அப்புறம் கேட்கவே இல்லை.

செல்வி:
அதுதான் ஐயா. விடாய் என்று பெயர் வைத்தால், 'அப்பாவுக்குத் தாகமே இல்லையே, இது அது இல்லை' என்று விட்டுவிடுவார்கள். 'உயர்சர்க்கரை நீர்வறட்சி' என்று வைக்கிறேன். சர்க்கரை ஏறியிருக்கிறது, உடம்பு காய்ந்திருக்கிறது. இரண்டையும் மெஷினிலும் நாக்கிலும் பார்த்துக்கொள்ளலாம்.

சிவகுமார்:
வயிற்றோட்டத்தில் வருவதும் நீர்வறட்சிதான் அக்கா. சர்க்கரைக்காரருக்கு வயிற்றோட்டம் வந்தாலும் இதே பெயரைச் சொல்வார்கள். ஓஸ்மோலார் என்ற கருத்தே காணாமல் போகிறது. மருத்துவ மாணவருக்கு இந்தச் சொல் உதவாது.

மீரா:
மாணவர்களுக்குச் 'அதிபிரசாரண' இருக்கட்டும், எனக்குத் தடையில்லை. வீட்டுக்குப் போகும் தாளில் செல்வி சொன்னது போதும். ஆனால் தலைப்புக்குக் கீழே இதைச் சேருங்கள்: ஒரு பக்கம் கை கால் தளர்ந்தாலோ வலிப்பு வந்தாலோ பக்கவாதம் என்று நினைத்தாலும் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த நிலை அப்படியும் வேஷம் போடும்.

இராமலிங்கம்:
வறட்சி நிலத்துக்குரியது, உடலுக்கு விடாய்தான். என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.

செல்வி:
குறித்துக்கொண்டேன் ஐயா. இப்போதைக்கு மூன்றுக்கு இரண்டு, 'உயர்சர்க்கரை நீர்வறட்சி' அச்சுக்குப் போகிறது. பாஸ்கர், உங்கள் வீட்டு மெஷினில் HI என்று இருக்கும் படம் கைவசம் உண்டா? தாளின் மேல் மூலையில் போட இடம் வைத்திருக்கிறேன்.