பேஜிங்குக்குத் தமிழ்ச்சொல்: ‘கோபுரம் தேடல்’ பொருந்துமா?

இளங்கோ, கோத்தகிரி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்துக்காக, செல்போன் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு சிறு கையேடு எழுதுகிறேன். ஓர் இடத்தில் சொல் கிடைக்காமல் நிற்கிறது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் பஸ்ஸில் ஒருவர் இருக்கிறார். போன் சட்டைப்பையில் சும்மா கிடக்கிறது. சென்னையிலிருந்து ஒருவர் கூப்பிடுகிறார். ஓடும் பஸ்ஸில் இருக்கும் அந்தப் போனுக்கு எந்தக் கோபுரம் வழியாக மணியடிப்பது என்று நெட்வொர்க் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பேஜிங் என்று பெயர். நான் ‘கோபுரம் தேடல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும் என்று நினைக்கிறேன். இதைவிட நல்ல சொல் உண்டா?

ரஃபீக், கூடலூர்

சார், தேடல் என்பதே தேவையில்லை. போன் எப்போதும் பக்கத்துக் கோபுரத்தோடு பேசிக்கொண்டேதான் இருக்கும். கோபுரம் மாறும்போதெல்லாம் ‘இங்கே வந்துவிட்டேன்’ என்று சொல்லிவிடும். கடைசியாகச் சொன்ன கோபுரம் நெட்வொர்க்கில் பதிவாகியிருக்கும், கால் நேராக அங்கே போகும். அதனால் ‘கோபுரம் அறிதல்’ போதும். கடையில் தினமும் பார்க்கிறேன்: சிக்னல் குறைவான எஸ்டேட்டில் இருப்பவர்கள் போனில் சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது என்பார்கள். காரணம் இந்தப் பேச்சுதான்.

சுப்புலட்சுமி, குன்னூர்

இளங்கோ தம்பி, நடப்பது என்ன என்பதை முதலில் பிடித்துவிட்டு அப்புறம் சொல்லுக்குப் போவோம். எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

சும்மா இருக்கும் போன் எந்தக் கோபுரத்தின் கீழே இருக்கிறது என்று நெட்வொர்க் நிமிடத்துக்கு நிமிடம் கணக்கு வைப்பதில்லை. அது உறுதியாக அறிந்து வைத்திருப்பது ஒரு வட்டாரத்தை மட்டும்தான். பல கோபுரங்கள் சேர்ந்தது ஒரு வட்டாரம், அதற்கு ஓர் எண். ஒவ்வொரு கோபுரமும் தன் வட்டார எண்ணை ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டிருக்கும், போன் அதைக் கேட்டபடியே போகும். எண் மாறாதவரை எத்தனை கோபுரம் தாண்டினாலும் போன் வாய் திறக்காது. எண் மாறினால்தான் ‘இந்த வட்டாரத்துக்கு வந்துவிட்டேன்’ என்று ஓர் அறிவிப்பு அனுப்பும். ரஃபீக் தம்பி சொல்வதுபோல் கோபுரத்துக்குக் கோபுரம் அறிவிக்க ஆரம்பித்தால், ஒரு பஸ்ஸில் இருக்கும் அத்தனை போனும் மலை இறங்கும் வரை அறிவித்துக்கொண்டே வரும். சிக்னல் குறைந்த இடத்தில் சார்ஜ் இறங்குவது உண்மை. ஆனால் அங்கே போன் செய்வது பெரும்பாலும் வேறு கோபுரம் கிடைக்குமா என்று திரும்பத் திரும்பத் துழாவும் வேலை.

உங்கள் பஸ்ஸையே எடுத்துக்கொள்வோம். குன்னூர்ப் பக்கத்து வட்டாரம் 4101, சமவெளி 4205 என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் காட்டேரி தாண்டிவிட்டது, பர்லியாறு இன்னும் வரவில்லை. சென்னையிலிருந்து அழைப்பு வருகிறது. முதலில் அந்த நம்பரின் சொந்தப் பதிவேட்டில் கேட்பார்கள். போன் இப்போது எந்த எக்ஸ்சேஞ்சின் பொறுப்பில் இருக்கிறது என்று அது சொல்லும், அழைப்பு அங்கே வந்து சேரும். அந்த எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிந்தது 4101 என்பது மட்டும். ஆகவே 4101-ல் உள்ள எல்லாக் கோபுரங்களுக்கும் ‘இந்தப் போனைக் கூப்பிடுங்கள்’ என்று உத்தரவு போகிறது. கூப்பிடுவது போன் நம்பரைச் சொல்லி அல்ல, நெட்வொர்க் கொடுத்த தற்காலிக அடையாள எண்ணைச் சொல்லி. போன் சார்ஜை மிச்சப்படுத்தத் தூங்கித் தூங்கி விழிக்கும். 4ஜியில் பொதுவாக 1.28 விநாடிக்கு ஒருமுறை கண் விழித்துத் தன் எண் வருகிறதா என்று பார்க்கும். வந்தால், அந்த நிமிஷம் எந்தக் கோபுரத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறதோ அதனிடம் ‘இருக்கிறேன்’ என்று பதில் சொல்லும். பதில் வந்த கோபுரம்தான் நீங்கள் கேட்ட கோபுரம். மணி அதற்குப் பிறகுதான் அடிக்கும்.

கோர்ட்டில் டவாலி வராந்தாவில் நின்று பெயரைக் கூவுவார், கூட்டத்தின் எந்த மூலையிலிருந்தோ ‘ஐயா’ என்று குரல் வரும். அதுதான் இது. தேடப்படுவது போன். கோபுரம் எது என்று சொல்வதும் போன்தான். எனவே ‘கோபுரம் தேடல்’ வேண்டாம் தம்பி, பிள்ளைகளுக்குத் தலைகீழாகப் பதிந்துவிடும்.

மேரி, சேரம்பாடி

விவரம் தெரிந்தவர்கள் இருப்பதால் கேட்கிறேன். கோபுரத்தை மாற்றித் தரச் சொல்லி எங்கே மனு கொடுக்க வேண்டும்? வீட்டு முற்றத்தில் நிற்கும்போதே ‘கேரளாவுக்கு வரவேற்கிறோம்’ என்று மெசேஜ் வருகிறது. அடுப்படிக்குள் போனால் தமிழ்நாடு. அண்ணன் திருப்பூரிலிருந்து கூப்பிட்டால் பல நாள் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்கிறது. என் போனிலோ சிக்னல் கோடு நிறைய இருக்கிறது.

நல்லசிவம், உதகை

சுப்புலட்சுமி அம்மா விளக்கியதைப் பார்த்தால், இது பெயர் சொல்லிக் கூப்பிடும் செயல். அப்படியானால் ‘விளிப்பு’ என்று வைக்கலாம். எட்டாம் வேற்றுமையை விளி வேற்றுமை என்று பள்ளியிலேயே படிக்கிறார்கள், சொல் புதிதல்ல. விளித்தல், விளித்தான், விளிக்கப்பட்ட போன் என்று வினையாகவும் வளைந்து கொடுக்கும். ‘கூவல்’ இன்னும் எளிது, பேச்சிலும் உண்டு. ஆனால் சங்கப் பாட்டில் கூவல் என்றால் கிணறு. விளிதல் என்பதற்கும் இறத்தல் என்ற பழம்பொருள் உண்டு என்று யாராவது சொல்வார்கள். விளித்தல் வேறு, விளிதல் வேறு என்பதால் எனக்கு அது தடையாகப் படவில்லை.

வட்டாரம் என்று அம்மா எழுதியது அப்படியே இருக்கட்டும். ‘இருப்பிடப் பகுதி’ என்று எங்கோ படித்த நினைவு. அது போன் இருக்கும் இடமே தெரிந்துவிட்டது போன்ற எண்ணத்தைத் தருகிறது.

சுப்புலட்சுமி, குன்னூர்

மேரி, நாங்கள் இங்கே சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். ஆனால் உன் முற்றத்தில் நடப்பது இதே விஷயம்தான் அம்மா, மனுவுக்கு முன்னால் வேறொன்று செய்து பார்க்கலாம்.

வட்டார எல்லையில் இருக்கும் போன் இரண்டு பக்கமும் மாறி மாறித் தாவும். தாவும் ஒவ்வொரு முறையும் அறிவிப்பு அனுப்ப வேண்டும், அது முடியச் சில விநாடிகள் ஆகும். அண்ணனின் அழைப்பு சரியாக அந்த இடைவெளியில் வந்தால், நெட்வொர்க் பழைய வட்டாரத்தில் கூவிக்கொண்டிருக்கும், உன் போன் புதிய வட்டாரத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும். பதில் வராது. மறுபடியும் கூவிப் பார்த்துவிட்டு ‘எல்லைக்கு வெளியே’ என்று அண்ணனிடம் சொல்லிவிடும். உனக்கு மாறுவது வட்டாரம் மட்டுமல்ல, மாநிலச் சர்க்கிளே மாறுகிறது. சொந்தப் பதிவேடு வரை போய்த் திருத்த வேண்டியிருப்பதால் இடைவெளி இன்னும் நீளும்.

கோடு நிறைய இருப்பதை நம்பாதே. அது கோபுரத்தின் குரல் உனக்கு எப்படிக் கேட்கிறது என்பதைத்தான் காட்டும். கோபுரம் 20 வாட்டில் பேசலாம், 4ஜி போனால் அதிகபட்சம் 0.2 வாட்டில்தான் பதில் சொல்ல முடியும். டால்பின் நோஸ் பக்கம் நின்றால் சமவெளிக் கோபுரம் எட்டிவந்து கேட்கும், போனின் பதில் அங்கே போய்ச் சேராமல் போகலாம். 2ஜியில் சாதாரண அமைப்பில் 35 கிலோமீட்டருக்கு மேல் பதிலையே ஏற்காது.

அண்ணனிடம் ஒன்று கேட்டுப் பார். டயல் செய்ததும் உடனே அறிவிப்பு வருகிறதா, சில விநாடி அமைதிக்குப் பிறகு வருகிறதா? போனை முறையாக அணைத்தால் அது போகுமுன் சொல்லிவிட்டுப் போகும், அதனால் நெட்வொர்க் கூவாமல் உடனே கைவிரித்துவிடும். அமைதிக்குப் பிறகு வந்தால் பெரும்பாலும் கூவிப் பதில் கிடைக்கவில்லை என்று பொருள். அப்படியானால் போன் செட்டிங்கில் நெட்வொர்க்கைத் தானாகத் தேர்வதிலிருந்து மாற்றி, தமிழ்நாட்டு நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடு. தாவல் நிற்கும். தமிழ்நாட்டுக் கோபுரம் எட்டாத இடத்தில் போன் ஊமையாகிவிடும் என்ற நஷ்டமும் இதில் உண்டு. கேரளப் பக்கம் பயணம் போகும்போது மறக்காமல் திரும்ப மாற்றிவிடு.

ரஃபீக், கூடலூர்

அம்மா, ஒரு விஷயம். 4ஜியில் கடைசியாகப் பேசிய கோபுரத்தில்தான் முதலில் கூப்பிடும் என்று டவர் வேலைக்கு வரும் பையன்கள் சொல்கிறார்கள். அப்போது நான் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறதே? வாட்ஸ்அப் ஓடிக்கொண்டே இருக்கும் போனுக்குக் கடைசிக் கோபுரம் தெரியாமலா இருக்கும்?

சுப்புலட்சுமி, குன்னூர்

இருக்கிறது தம்பி. டேட்டா ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் கோபுரம் தெரியும், அப்போது கூவவே தேவையில்லை. போன் தூங்கப் போன பிறகு, கடைசிக் கோபுரத்தில் முதலில் கூவி, பதில் இல்லாவிட்டால் வட்டாரம் முழுக்கக் கூவும்படி பல இடங்களில் அமைக்கிறார்கள். வீட்டில் கிடக்கும் போனுக்கு அது நல்ல ஊகம். நம் பஸ் போனுக்கு அந்த முதல் முயற்சி வீணாகப் போய்க் கொஞ்சம் தாமதம் சேரும்.

4ஜியில் எல்லைத் தாவலுக்கும் ஒரு மருந்து உண்டு. ஒரே வட்டாரத்தைக் கொடுக்காமல், 16 வரை வட்டாரங்கள் கொண்ட பட்டியலை நெட்வொர்க் போனிடம் கொடுக்கலாம். பட்டியலுக்குள் எங்கே தாவினாலும் போன் அறிவிக்க வேண்டியதில்லை. 4101, 4205 இரண்டும் பட்டியலில் இருந்தால் பர்லியாற்றில் ஒன்றுமே நடக்காது. கூவும்போது இரண்டு வட்டாரத்திலும் கூவ வேண்டியிருக்கும், விலை அதுதான். 2ஜியில் இந்த வசதி இல்லை. அங்கே புதிய வட்டாரத்துக் கோபுரம் இத்தனை டெசிபெல் கூடுதலாகக் கேட்டால்தான் மாறலாம் என்று 14 டெசிபெல் வரை ஒரு தடை வைப்பார்கள். மலைச்சாலையில் ஒரு வளைவு திரும்பினாலே சிக்னல் அதைவிட அதிகமாக ஏறி இறங்கும் என்பதால் தடை பாதிதான் உதவும்.

பள்ளத்தில் போய் மாட்டிக்கொண்ட போன் சொல்லாமல் காணாமல் போகும். அதற்காகத்தான் அசையாத போனும் குறித்த இடைவெளியில் ஒருமுறை இருப்பை அறிவிக்க வேண்டும் என்ற விதி. 4ஜியில் இயல்பாக வரையறுத்திருக்கும் இடைவெளி 54 நிமிடம், நிறுவனங்கள் மாற்றிக்கொள்வார்கள்.

நல்லசிவம், உதகை

அந்த அறிவிப்புக்கு ‘இருப்பறிவிப்பு’ பொருந்துகிறது. எல்லை தாண்டிச் சொல்வதும் நேரம் வந்து சொல்வதும் இரண்டும் அதில் அடங்கும். பட்டியலுக்கு ‘விளிப்புப் பட்டியல்’ என்றால் கூப்பிட வேண்டிய போன்களின் பட்டியல் என்று குழம்பலாம். ‘வட்டாரப் பட்டியல்’ மேல்.

மேரி, சேரம்பாடி

அண்ணனிடம் கேட்டேன் அம்மா. கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல் இருந்துவிட்டுத்தான் அறிவிப்பு வருகிறதாம். கையால் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறேன், முற்றத்தில் கேரள மெசேஜ் நின்றுவிட்டது. மாட்டுக்கொட்டகையில் மட்டும் சுத்தமாக சிக்னல் இல்லை. மனு கொடுக்கத்தான் வேண்டும்போல.

இளங்கோ, கோத்தகிரி

எல்லோருக்கும் நன்றி. கையேட்டில் ‘விளிப்பு’, ‘வட்டாரம்’, ‘இருப்பறிவிப்பு’ என்று மாற்றுகிறேன். ரஃபீக் கடையில் யாரும் விளிப்பு என்று கேட்க மாட்டார்கள் என்பதால், முதல் முறை வரும்போது பேஜிங் என்பதையும் பக்கத்தில் எழுதிவிடுகிறேன். கடைசிக் கோபுரத்தில் முதலில் விளிப்பதற்குத் தனிப் பெயர் வேண்டுமா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.

ஓர் உதவி. பல ஆண்ட்ராய்டு போன்களில் `*#*#4636#*#*` அழுத்தினால் வரும் திரையில், 4ஜியில் இருக்கும்போது `TAC` என்ற இடத்தில் வட்டார எண் தெரிகிறது. சில போன்களில் இந்தத் திரை திறக்காது. இந்த வாரம் குன்னூர் பஸ்ஸில் இறங்குபவர்கள் யாராவது, அந்த எண் எந்த வளைவில் மாறுகிறது, திரும்பி வரும்போதும் அதே இடத்திலா மாறுகிறது என்று குறித்து அனுப்ப முடியுமா? பிள்ளைகளுக்கு உண்மையான எண்ணையே போட்டுக் காட்டலாம்.