புதுப்பிப்பு: சாய்வா எடுத்த விலைப்பட்டியல் போட்டோ

முன்னாடி கேட்டது: "சுவத்துல கையால எழுதின விலைப்பட்டியல், ஓரமா நின்னு எடுத்த போட்டோ. டைப் பண்ணா எந்தப் பேருக்கு எந்த விலைனே குழம்புது, என்ன பண்றது?"

ஓரளவு முடிஞ்சுது. போட்டோவ திருப்பிப் பாருங்கன்னு ஒருத்தர் சொன்னார்ல, அது பாதிதான் உதவுச்சு, ஏன்னா மேல் வரி கீழ்நோக்கி சரியுது, கீழ் வரி மேல்நோக்கி ஏறுது, ஒண்ண நேராக்குனா இன்னொண்ணு இன்னும் கோணிக்குது. போர்டோட நாலு மூலையையும் புடிச்சு இழுத்து செவ்வகமாக்க சொன்ன அக்காவுக்கு நன்றி, ஸ்கேன் ஆப்லயே அது இருக்கு. இழுத்ததும் எல்லா வரியும் நேராயிருச்சு.

ஆனாலும் எண்ணிப் பாத்தா பேரு 14, விலை 13! 5வது, 6வது பேரு ரெண்டுக்கும் சேத்து ஒரே விலைய வளைவுக் கோடு போட்டு எழுதியிருக்காங்க, சாய்வுல அந்தக் கோடு ஏதோ கிறுக்கல் மாதிரி தெரிஞ்சுதா, அதனால நான் 6வது பேருலேர்ந்து எல்லா விலையையும் ஒரு வரி மேல ஏத்தி டைப் பண்ணி வச்சிருந்தேன். கடைசிப் பேருக்கு விலையே இல்லாம நின்னப்பவே சந்தேகப்பட்டிருக்கணும்.

1ஆ 7ஆன்னு குழப்பமா இருந்தத, அதே கை தெளிவா எழுதின 7 கூட ஒப்பிட்டேன், அவங்க 7க்கு நடுவுல கோடு போடுறாங்க. தூர ஓரத்துல இருக்கற ரெண்டு விலை மட்டும் நசுங்கி மங்கிக் கெடக்கு, நேராக்குனா பெருசாகுது, தெளிவாகல. அங்க ஊகிக்காம கேள்விக்குறி போட்டு விட்டுட்டேன், நேரா நின்னு ஒரு போட்டோ எடுக்கணும்.