புதுப்பிப்பு: கோத்தகிரி தேயிலைத் தொழிற்சாலை கிளார்க்கின் கணக்கு

"7 வருஷம் 8 மாசம் வேலை பார்த்துட்டு 2025 ஜனவரியில ராஜினாமா செஞ்சேன். பேசிக், டிஏ சேர்த்து 18,200. கிராஜுவிட்டி 63,700னு போட்டிருக்காங்க. சரிங்களா?"

சரியில்லை. அலுவலகத்தில் சம்பளத்தை 30-ஆல் வகுத்து, 7 வருஷத்துக்கு மட்டும் போட்டிருக்கிறார்கள். மாதச் சம்பளக்காரருக்குச் சட்டப்படி 26-ஆல்தான் வகுக்க வேண்டும். 18,200-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 700, 15 நாளுக்கு 10,500. மீதி 8 மாதம் ஆறு மாதத்தைத் தாண்டுவதால் அது முழு வருஷம். ஆக 8 × 10,500 = 84,000. குறைவு 20,300.

பின்னூட்டத்தில் குன்னூர் அண்ணன், கிராஜுவிட்டி கணக்கில் பேசிக் மட்டும்தான் சேரும் என்றார். பாதி சரி: வீட்டு வாடகைப்படி வராது, ஆனால் டிஏ வரும்.

கூடலூர் தங்கச்சி, "எனக்கு 4 வருஷம் 10 மாசம், அதையும் 5னு எடுப்பாங்களா?" என்று கேட்டார். ஆறு மாத விதி தொகையைக் கணக்கிட மட்டுமே, ஐந்து வருஷம் என்ற தகுதிக்கு அல்ல. ஆனால் ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் ஏற்றிருக்கிறது. நிர்வாகங்கள் இதில் இழுத்தடிக்கும்.

கோத்தகிரி கிளார்க்குக்கு லீவு மிச்சம் 22 நாள். அதற்கான பணம், சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் 15,400, 30-ஆல் வகுத்தால் 13,347. இங்கே கிராஜுவிட்டி சூத்திரம் தானாகப் பொருந்தாது. தொழிற்சாலையின் வேலை விதிகளான நிலையாணையில் என்ன இருக்கிறதென்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.