கலைச்சொல்: படத்தில் உடுப்பு மாற்றும் இரண்டு வழிக்கும் இரண்டு சொல் வேண்டும்

கொக்குவில், மொழிபெயர்ப்பாளர்:

எல்லோருக்கும் வணக்கம். ஸ்டூடியோவில் வேலை பழகும் பிள்ளைகளுக்கு ஒரு கையேடு எழுதுகிறேன். 'உடுப்புத் திருத்தம்' என்ற அத்தியாயத்தில் வந்து நிற்கிறேன். அதில் இரண்டு வழி வருகிறது. ஒன்றில், படத்தில் மாற வேண்டிய இடத்தைத் தூரிகையால் பூசிக் காட்டி அந்த இடத்தை மட்டும் புதிதாக வரைய விடுகிறோம். மற்றதில் எதையும் பூசுவதில்லை. 'நீலச் சட்டையை எடுத்துவிட்டு வேட்டி சால்வை போடு' என்று எழுதிக் கொடுத்தால் போதும், எங்கே மாற்றுவது என்பதைக் கருவியே பார்த்துக்கொள்கிறது. இப்போதைக்கு 'முகமூடித் திருத்தம்', 'அறிவுறுத்தல் திருத்தம்' என்று போட்டிருக்கிறேன். முதலாவது சரியில்லை என்று எனக்கே தெரிகிறது, அதை வாசிக்கிற பிள்ளை முகத்தையல்லவா பூசப் போகும். நல்ல சொல் சொல்லுங்கள். எந்த வேலைக்கு எந்த வழி என்பதையும் சொன்னால் அத்தியாயத்துக்கு உதவும்.

திருநெல்வேலி, மாணவர்:

அக்கா, முதலாவதற்கு 'மறைப்புத் திருத்தம்' என்று வைக்கலாம். ஆனால் அந்த வழிக்கு இனிச் சொல்லே தேவையா என்று யோசிக்கிறேன். எழுதிக் கொடுத்தால் படத்தை மாற்றும் இன்ஸ்ட்ரக்ட்பிக்ஸ்2பிக்ஸ் 2022 இல் வந்தது. 2025 இல் ஃப்ளக்ஸ் கொன்டெக்ஸ்ட், குவென் இமேஜ் எடிட் எல்லாம் வந்துவிட்டன, இனி யார் இருந்து பூசுவது? பூசுகிற வழியில் ஒரேயொரு நன்மைதான் இருக்கிறது, பூசிய இடத்துக்கு வெளியே ஒரு பிக்சல்கூட மாறாது.

சங்கானை, தையல் கடை:

உடுப்புத் திருத்தம் என்றதும் எங்கள் தொழில் என்று நினைத்து முழுவதையும் வாசித்தேன். எங்களிடம் திருத்தம் என்றால் இடுப்பைப் பிடிப்பது, கையைக் கட்டையாக்குவது. இருக்கிற உடுப்பு அதேதான், அளவுதான் மாறும். நீங்கள் சொல்வது வேறு உடுப்புப் போடுவது. அதைத் திருத்தம் என்று எழுதினால் என் மாதிரி ஆட்கள் பிழையாகத்தான் விளங்குவார்கள். அதோடு ஒன்று கேட்கிறேன், முழங்கை வரை கை வைத்த சட்டையை எடுத்துவிட்டுக் கட்டைக்கை ரவிக்கை போட்டால், இடையில் தெரிய வேண்டிய கைக்கு எங்கே போவீர்கள்?

சுன்னாகம், ஸ்டூடியோ:

தங்கச்சி கேட்ட கேள்வியில்தான் நான் போன கிழமை முழுக்க மாட்டிக்கொண்டு நின்றேன். ஒரு குடும்பம் அம்மம்மாவின் படம் கொண்டுவந்தார்கள், 31ஆம் நாள் நினைவு மலருக்கு. போனில் எடுத்த படம். நீல நைட்டியோடு கதிரையில் இருக்கிறா, மடியில் பேரப்பிள்ளை, பிள்ளையின் கை அவவின் நெஞ்சில். சேலை உடுத்தித் தரச் சொன்னார்கள்.

முதலில் நைட்டியை மட்டும் அளவாகப் பூசிக் காஞ்சிபுரம் சேலை என்று எழுதினேன். வந்தது சேலைத் துணியில் தைத்த நைட்டி. கரை இருக்கிறது, சரிகை இருக்கிறது, முந்தானை இல்லை, கை முழங்கை வரைதான். கழுத்தில் நான் பூசாமல் விட்ட ஒரு நூலளவு நீலம் நீலக் கொலராக வளர்ந்து நிற்கிறது. பிறகு தம்பி சொல்வது மாதிரி எழுதிக் கொடுக்கும் வழியில் போனேன். சேலை அருமையாக வந்தது, கொசுவமும் முந்தானையும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. ஆனால் மூக்குக்குப் பக்கத்து மச்சம் போய்விட்டது, கண்ணாடிச் சட்டம் மெலிந்துவிட்டது, கன்னத்துச் சுருக்கம் பாதி இல்லை. மகள் பார்த்துவிட்டு, "இது அம்மாவின் தங்கச்சி மாதிரி இருக்கிறது" என்றா. அந்தப் படத்தை எப்படி அச்சுக்குக் கொடுப்பது?

நெல்லியடி, மென்பொருள் வேலை:

அண்ணை சொன்னதில் இரண்டு வழியின் குணமும் அப்படியே இருக்கிறது. சொல்லும் அதிலிருந்துதான் வர வேண்டும் என்று நினைக்கிறேன்.

பூசுகிற வழியில், பூசிய இடத்தின் வடிவம்தான் வரப்போகும் உடுப்பின் வடிவம். கருவி அந்த ஓட்டையைச் சுற்றியுள்ளதோடு ஒட்டும்படி நிரப்புகிறது. ஓட்டை நைட்டி வடிவில் இருந்தால் நிரப்பியதும் நைட்டி வடிவில்தான் வரும். விளிம்பில் நீலம் மிஞ்சினால் அது அதற்குத் துப்பு, 'இங்கே நீல உடுப்பு இருக்கிறது' என்று நம்பி அதைத் தொடரும். ஆகவே உடுப்பின் ஓரத்தோடு பூசக் கூடாது. 15, 20 பிக்சல் வெளியே விட வேண்டும், கை தெரிய வேண்டுமென்றால் சட்டைக்கை முழுவதையும் சுற்றியுள்ள கொஞ்சப் பின்னணியோடு சேர்த்துப் பூச வேண்டும். சங்கானை அக்கா கேட்ட கை அங்கேதான் புதிதாக வரையப்படும். அது அம்மம்மாவின் கை இல்லை, ஏதோ ஒரு கை.

எழுதிக் கொடுக்கும் வழியில் ஓட்டையே இல்லை, முழுப் படமும் புதிதாக வரையப்படுகிறது. முகம் பழைய மாதிரி வருவது, கருவி பழைய படத்தைப் பார்த்து மறுபடி வரைவதால். முகம் படத்தில் சின்னதாக இருந்தால் மச்சம் தப்பாது. இன்ஸ்ட்ரக்ட்பிக்ஸ்2பிக்ஸில் இதற்கு `image_guidance_scale` என்று ஒரு திருகு இருக்கிறது, வழக்கமாக 1.5. ஏற்றினால் முகம் பழைய முகத்தோடு நெருங்கும், ஆனால் நைட்டியும் போக மறுக்கும். இறக்கினால் சேலை வரும், ஆள் மாறுவார். பின்னால் வந்தவை முகத்தை எவ்வளவோ நன்றாகப் பிடிக்கின்றன, என்றாலும் முழுப் படத்தையும் மறுபடி வரைவது மாறவில்லை.

தம்பி, 'ஒரு பிக்சல்கூட மாறாது' என்பது பாதிதான் சரி. ஸ்டேபிள் டிஃபியூஷன் வகையில் படம் முதலில் பக்கத்துக்கு எட்டிலொன்றாகச் சுருங்குகிறது, 512 என்பது 64 ஆகிறது. பூசிய இடமும் அதே அளவுக்குச் சுருங்கும். பிள்ளையின் இரண்டு விரலுக்கு நடுவே நீங்கள் விட்ட ஐந்து பிக்சல் இடைவெளி அங்கே இருக்காது. பிறகு மறுபடி விரிக்கும்போது பூசாத இடமும் கொஞ்சம் மாறித்தான் வரும், சின்ன எழுத்து, கண்ணிமை எல்லாம் குழையும். மாறாமல் இருக்க வேண்டுமென்றால் கடைசியில் பழைய படத்தை மேலே திரும்ப வைக்க வேண்டும். சில மென்பொருள்கள் தாமாகச் செய்கின்றன, டிஃப்யூசர்ஸ் என்ற பைதன் நூலகத்தில் நாங்கள்தான் எழுத வேண்டும்:

```python
out = pipe.image_processor.apply_overlay(mask, original, out)
```

திருநெல்வேலி, மாணவர்:

இது எனக்குத் தெரியாது அக்கா. நான் கண்ணால் பார்த்து மாறவில்லை என்று நினைத்துவிட்டேன். எப்படிக் கண்டுபிடிப்பது?

நெல்லியடி, மென்பொருள் வேலை:

கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் பழைய படத்தைக் கீழேயும் புதியதை மேலேயும் வைத்து, மேல் அடுக்கின் முறையை Difference ஆக்குங்கள். மாறாத இடம் கறுப்பாக இருக்கும். உடுப்பைத் தவிர மற்றதெல்லாம் கறுப்பென்றால் சரி. முகத்தில் மெல்லிய சாம்பல் கோடுகள் தெரிந்தால் முகம் மாறியிருக்கிறது. கதவு, ஜன்னல் எல்லாவற்றின் ஓரத்திலும் இரட்டைக் கோடு தெரிந்தால் படம் இரண்டு மூன்று பிக்சல் நகர்ந்திருக்கிறது, எழுதிக் கொடுக்கும் வழியில் இது அடிக்கடி நடக்கும்.

மானிப்பாய், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பிள்ளைகளே, தொழில்நுட்பம் எனக்குப் பாதிதான் விளங்குகிறது, சொல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 'மறைப்பு' வேண்டாம். பூசிய இடம்தான் மாறப்போகிறதென்றால் அது மறைவதே இல்லை, அதுதான் வேலை நடக்கும் இடம். நீங்கள் எல்லோரும் சொல்வது உள்ளே, வெளியே, ஓரம், வெளியே விடுவது. இது வேலி. 'வேலித்திருத்தம்' என்று வையுங்கள், யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு வேலி என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மற்றதற்கு இலக்கணத்திலேயே சொல் இருக்கிறது. வா, போ, கட்டு என்பதெல்லாம் ஏவல் வினை. 'ஏவல் திருத்தம்'. எங்கள் ஊரில் கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டில் உடற்கூற்றியலுக்கு 'அங்காதிபாதம்' என்று எழுதினார். அழகான சொல், ஆனால் இன்று யாரும் சொல்வதில்லை. வாயில் ஏறுகிற சொல்லாக இருக்க வேண்டும்.

சங்கானை, தையல் கடை:

ஐயா, வேலி நல்லது. ஏவல் என்றால் எங்கள் பக்கத்தில் செய்வினை, சூனியம். செத்தவரின் படத்துக்கு ஏவல் செய்தோம் என்று அந்த வீட்டில் சொல்ல முடியுமா?

கொக்குவில், மொழிபெயர்ப்பாளர்:

அது முக்கியமான காரணம், 'ஏவல்' வேண்டாம். 'சொல்வழி' என்று போட்டால் என்ன? உடுப்போடு 'திருத்தம்' சேர்ப்பதையும் விடுகிறேன், 'மாற்றல்' என்று எழுதுகிறேன். வேலி மாற்றல், சொல்வழி மாற்றல்.

மானிப்பாய், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

'வேலி மாற்றல்' என்றால் வேலியையே மாற்றுவது, அதாவது காணிச் சண்டை. 'வேலிவழி மாற்றல்' என்று எழுதுங்கள் மகள். 'சொல்வழி'யோடு சோடியாகவும் நிற்கும்.

நெல்லியடி, மென்பொருள் வேலை:

வேலிவழி எனக்குச் சம்மதம், ஒரு சின்னத் தயக்கத்தோடு. வேலி என்றால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று வெட்டாக நிற்கும். நாங்கள் பூசுவதன் ஓரத்தை மங்கலாக்கித்தான் கொடுக்கிறோம், இல்லாவிட்டால் கத்தரித்து ஒட்டியது மாதிரி இருக்கும்.

சுன்னாகம், ஸ்டூடியோ:

கிடுகு வேலி என்று நினையுங்கள், மதில் இல்லை. கிடுகுக்குள்ளால் கொஞ்சம் தெரியும்தானே.

அது நிற்க, என் படத்துக்கு என்ன வழி? வெள்ளிக்கிழமை அச்சு.

நெல்லியடி, மென்பொருள் வேலை:

அண்ணை, உங்கள் படத்துக்கு இரண்டும் வேண்டும். கோட்டும் டையும் போடுவதென்றால் வேலிவழியே போதும். அடையாள அட்டைப் படம் மாதிரி நெஞ்சு வரைதான் இருக்கும், சேர்ட்டுக்கும் கோட்டுக்கும் வெளிவடிவம் கிட்டத்தட்ட ஒன்று, முகத்தைத் தொடவும் தேவையில்லை. நைட்டியிலிருந்து சேலை என்றால் வெளிவடிவமே மாறுகிறது, அதுவும் மடியில் பிள்ளை. அதைச் சொல்வழியில் செய்யுங்கள். ஆனால் முழுப் படத்தையும் கொடுக்க வேண்டாம். பல கருவிகள் திருப்பித் தருவது ஏறக்குறைய 1024க்கு 1024 அளவுப் படம், உங்கள் போன் படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. அம்மம்மாவையும் பிள்ளையையும் மட்டும் சதுரமாக வெட்டி அதைக் கொடுங்கள். 'முகம், தலைமயிர், பிள்ளை, பின்னணி எதையும் மாற்றாதே' என்றும் எழுதுங்கள். முழுதாகக் கேட்காது, என்றாலும் கொஞ்சம் கேட்கும்.

வந்ததைப் பழைய அளவுக்குப் பெருப்பித்து, Difference வைத்து நகர்வைச் சரிசெய்துவிட்டு, மேலே பழைய படத்தை வையுங்கள். அதில் அடுக்கு மாஸ்க் போட்டு முகம், தலை, கண்ணாடி, பிள்ளை, அவவின் முன்கை இவற்றை மட்டும் பழையதிலிருந்து தெரிய விடுங்கள். தையல் கழுத்தில்தான் தெரியும். ஒட்டுவதைத் தாடைக்குக் கீழே நிழல் விழும் இடத்தில் வையுங்கள், தோல் நிறம் வித்தியாசமென்றால் புதிய படத்தின் நிறத்தைப் பழையதுக்கு இழுங்கள், முகத்தைத் தொட வேண்டாம்.

சுன்னாகம், ஸ்டூடியோ:

செய்தேன். முகம் அவவேதான், மச்சம் இருக்கிறது. பிள்ளையின் கை நெஞ்சில் படும் இடத்தில் விரல் ஓரத்தில் பழைய நீலம் மெல்லிதாக ஒட்டியிருந்தது, அதை மட்டும் சின்னதாகப் பூசி வேலிவழியில் சேலை நிறம் கொடுத்தேன். அந்த இடத்தைப் பெரிதாக்கி வெட்டிக்கொண்டுதான் செய்தேன், இல்லாவிட்டால் விரல்கள் ஒட்டிவிட்டன. மகளுக்குக் காட்டினேன், ஒன்றும் சொல்லாமல் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு, அம்மா இந்த நிறம் உடுத்த மாட்டா, மஞ்சளாக்கித் தாருங்கள் என்றா.

கொக்குவில், மொழிபெயர்ப்பாளர்:

சொல்வழியில் செய்து பழைய முகத்தை வேலிக்குள்ளால் திரும்ப வைக்கிறீர்களே, அந்த மூன்றாவது வேலைக்கு என்ன பெயர்? 'முகமீட்பு' என்று நினைத்தேன், ஆனால் மங்கிய பழைய படத்தில் முகத்தைத் தெளிவாக்குவதற்கு அதே சொல்லை முந்தைய அத்தியாயத்தில் எழுதிவிட்டேன்.

திருநெல்வேலி, மாணவர்:

'பழையது பதித்தல்'?

மானிப்பாய், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

யோசிக்க ஒரு நாள் தாருங்கள்.