கட்டடம் முடிந்தது, கரண்ட் வரவில்லை: வட்டி எந்தக் கணக்கில்?

கோவைப் பக்கம் புது ஃபேக்டரி கட்டடம். அதற்கென்றே எடுத்த டேர்ம் லோன் 2 கோடி, 12% வட்டி, மாதம் 2 லட்சம். 2024 ஏப்ரலில் வேலை தொடங்கியது. கான்ட்ராக்டர் தகராறில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை சைட்டில் ஒரு செங்கல்கூட நகரவில்லை. அந்த மூன்று மாத வட்டி 6 லட்சத்தை, கடன் வட்டிக்கான கணக்குத் தரநிலையான ஏ.எஸ். 16 படி செலவில் எழுதிவிட்டேன், அதில் குழப்பமில்லை.

ஜனவரி 31-ல் பெயின்ட் வரை முடிந்தது. மின் இணைப்பு வந்து உற்பத்தி தொடங்கியது ஏப்ரல் 10. வருமான வரிக்குப் பயன்பாட்டுக்கு வந்த நாள்தான் கணக்கு என்று ஆடிட்டர் வட்டி முழுவதையும் கட்டடத்தில் ஏற்றச் சொல்கிறார். ஏ.எஸ். 16 படித்தால், கட்டடம் ஏறக்குறைய தயாரானதுமே வட்டியை ஏற்றுவதை நிறுத்தவேண்டும் என்கிறது. வரிக் கணக்கு வேறு, புத்தகக் கணக்கு வேறு என்றேன், அவர் ஏற்கவில்லை.

பிப்ரவரி, மார்ச் வட்டி 4 லட்சத்தைப் புத்தகத்தில் கட்டடத்தோடு சேர்க்கலாமா?