போலிஞ்சர் பட்டை இறுகியும் விலை நகரவில்லை, எப்படிப் பிரித்தறிவது?

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். கொழும்புப் பங்குச் சந்தையில் ஒரு சிறிய பங்கை எட்டு மாதமாக நாள் வரைபடத்தில் பார்த்து வருகிறேன். போலிஞ்சர் பட்டைக்கு நடுக்கோடாக 20 நாள் சராசரி விலை, அதற்கு மேலும் கீழும் 2 நியம விலகல் தூரத்தில் ஒவ்வொரு கோடு. பட்டையின் அகலம் 6 மாதத்தில் இல்லாத அளவு குறைந்தால் அதை இறுக்கம் என்று எடுக்கிறேன். நான்கு தடவை இறுகியது, ஒரே தடவைதான் பெரிய நகர்வு வந்தது.

கடைசியாக நடுக்கோடு 40 ரூபாய், மேல் 41.20, கீழ் 38.80, அதாவது அகலம் 6 சதவீதம். 41.50இல் முடிந்ததும் வாங்கினேன், மூன்றாம் நாளே 38.50. சரி, அது போகட்டும்.

விலகலை 1.5 ஆக மாற்றிப் பார்த்தேன், பட்டை ஒடுங்கியதே தவிர இறுகிய நாட்கள் மாறவில்லை. பழைய விலைகளைக் கிளறியபோது ஒரு இறுக்கம் வெறும் கணக்கு என்று தெரிந்தது: முன்பு விலை துள்ளிய நாள் 20 நாள் கணக்கிலிருந்து வெளியே போனதால் பட்டை சுருங்கியிருக்கிறது, சந்தை புதிதாக அடங்கவில்லை. இன்னொன்றில் பல நாட்கள் வியாபாரமே நடக்கவில்லை, அதனால் அதே விலை திரும்பத் திரும்பப் பதிவாகியிருந்தது.

வாங்குபவரும் விற்பவரும் இருந்தும் விலை அடங்கிய உண்மையான இறுக்கத்தை, உடைவதற்கு முன்பே இவற்றிலிருந்து பிரிக்க நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள்?